திஹார் வாழ்த்து: பக்கத்து வீட்டு தீதிக்கு ஒரு வரி அனுப்பும் முன்

காட்மாண்டு பள்ளத்தாக்கில், லலித்பூரின் பழைய நகரத்தை ஒட்டிய ஒரு தெருவில் நான் வாடகைக்கு இருந்த முதல் வருஷம், தீபாவளி அன்று காலை ஆறு மணிக்கே பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒரு வாழ்த்து அனுப்பினேன். படமும் வாசகமும் சேர்ந்த ஒரு ஃபார்வர்டு, தேவநாகரியில் இருந்தது, அதனால் நேபாளி என்றே நினைத்தேன். அது இந்தி. நாளும் தப்பு, அங்கே தீபாவளிக்குப் பெயர் திஹார், அந்த வீட்டில் அதன் லட்சுமி பூஜை மறுநாள் சாயங்காலம். படத்தில் பட்டாசு வேறு. அவர் "தன்யபாத் பாபு" என்று பதில் போட்டார், அவ்வளவுதான், ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மூன்று வருஷமாகத் தினமும் பார்க்கப்போகும் ஒருவருக்கு அனுப்பிய முதல் வாழ்த்தில் அவருடைய மொழியும் இல்லை, அவருடைய பண்டிகையும் இல்லை என்பது பிறகு புரிந்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நேபாளத்தில் வேலைக்கோ படிக்கவோ போய் அக்கம்பக்கத்தோடு பழகுகிறவர்கள் ஒரே ஒரு வரி வாழ்த்தை எங்கெல்லாம் கோட்டை விடுகிறார்கள் என்று.

முதல் தப்பு, எல்லாருக்கும் வருவது, இந்தி வழியாகப் போவது. இரண்டுக்கும் ஒரே எழுத்து, பாதிச் சொற்கள் ஒன்று போலவே இருக்கும், அதனால் இந்தி வாசகத்தை அப்படியே அனுப்பினால் என்ன என்று தோன்றும். அவர்களுக்குப் புரியும்தான். ஆனால் தமிழில் வாழ்த்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு நமக்கு ஒருவர் மலையாளத்தில் எழுதி அனுப்பினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அது இருக்கும். இந்தியில் வழக்கமாக வருவது "ஆப்கோ அவுர் ஆப்கே பரிவார் கோ தீபாவளி கீ ஹார்திக் சுப்காம்னாயே" என்பது. இதையே நேபாளியில் சொன்னால் "தபாயீ ர தபாயீகோ பரிவார்லாயி திஹார்கோ ஹார்திக் சுபகாமனா". பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் எல்லாம் சின்னச் சின்ன ஒட்டுகளில்தான் இருக்கிறது.

இங்கே நம்மிடம் ஒரு வசதி இருக்கிறது, அதைத்தான் நாம் பயன்படுத்துவதே இல்லை. நேபாளியில் வேற்றுமை உருபு தமிழைப் போலவே சொல்லோடு ஒட்டி எழுதப்படும். "பரிவார்லாயி" என்றால் குடும்பத்துக்கு, "லாயி"தான் நம்முடைய "கு". "திஹார்கோ" என்றால் திஹாருடைய, "கோ"தான் நம்முடைய "உடைய". இந்தியில் இவை தனித்தனிச் சொல்லாக இடைவெளி விட்டு எழுதப்படும், அதோடு பின்னால் வரும் சொல் பெண்பால் என்றால் "கா" என்பது "கீ" ஆக மாறும். நேபாளி வாழ்த்தில் அந்தச் சிக்கல் கிடையாது, "திஹார்கோ சுபகாமனா" என்று "கோ" அப்படியே நிற்கும். கடைசியில் பன்மை விகுதியும் வேண்டாம். இந்தியில் "சுப்காம்னாயே" என்று பன்மையாகத்தான் சொல்வார்கள், நேபாளியில் ஒருமையிலேயே "சுபகாமனா" என்று முடிப்பதுதான் இயல்பு. இன்னொன்று: இந்தியில் "கோ" என்றால் "கு", நேபாளியில் அதே "கோ" என்றால் "உடைய". பாதி இந்தியும் பாதி நேபாளியும் கலந்து எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், "பரிவார் கோ" என்று எழுதிவிட்டால் நேபாளிக் கண்ணுக்கு "குடும்பத்துடைய" என்று ஆகிவிடும், வாக்கியம் நடுவில் தொங்கும்.

செல்போனில் தட்டச்சு செய்கிறவர்கள் இந்தி விசைப்பலகையை வைத்துக்கொண்டு எழுதினால் அது இந்திச் சொற்களையே எடுத்துக்கொடுக்கும், நாம் கவனிக்காமல் அதைத் தட்டிவிடுவோம். நேபாளி விசைப்பலகை தனியாக இருக்கிறது, அதைச் சேர்த்துக்கொள்வது ஒரு நிமிஷ வேலை. அனுப்பும் முன் இரண்டு இடத்தை மட்டும் பாருங்கள்: உருபு முந்தின சொல்லோடு ஒட்டியிருக்கிறதா, "தபாயீ" என்பதன் கடைசியில் தலைக்கு மேல் புள்ளி இருக்கிறதா. அந்தப் புள்ளி மூக்கொலி, தமிழில் எழுத வராது, தேவநாகரியில் விட்டுவிடக் கூடாது.

அடுத்தது பண்டிகையின் பெயர். "தீபாவலி" என்று சொன்னால் தப்பில்லை, அரசு வாழ்த்துகளிலும் "சுப தீபாவலி" என்று வரும், தராய் சமவெளியில் பலரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் மலைப்பகுதியிலும் காட்மாண்டுவிலும் வீட்டுப் பேச்சில் அது திஹார்தான். தீபாவலி என்றால் விளக்கேற்றும் அந்த ஒரு ராத்திரிதான் முதலில் மனசில் வரும், திஹார் என்றால் ஐந்து நாளும் வரும். காக்கைக்கு ஒரு நாள், நாய்க்கு ஒரு நாள், பசுவும் லட்சுமியும் ஒரு நாள், கோவர்த்தன பூஜையும் எருதும் ஒரு நாள், கடைசியில் பாயி டீகா, அதாவது அக்கா தங்கைகள் அண்ணன் தம்பிகளுக்கு நெற்றியில் ஏழு நிறத்தில் டீகா இடுவது. (அன்றைக்குப் போடும் மாலை மகமலிப் பூவால் கட்டியது, அது வேறொன்றும் இல்லை, நம்ம வாடாமல்லிதான். வாடாது என்பதற்காகவேதான் அவர்களும் அதை எடுக்கிறார்கள், சகோதரன் ஆயுசும் அப்படியே இருக்கட்டும் என்று.) பக்கத்து வீட்டுக்கு "திஹார்கோ சுபகாமனா" என்று அனுப்பினால் அந்த ஐந்து நாளும் அதில் அடங்கிவிடும்.

பெயரைவிடப் பெரிய சிக்கல், யாரை எப்படிக் கூப்பிடுவது என்பது. இதில்தான் நிறையப் பேர் மனசு நோகிறது, அது நமக்குத் தெரிவதே இல்லை. இந்திப் பழக்கத்தில் "பாய்" என்றால் எந்த ஆணையும் கூப்பிடலாம். நேபாளியில் "பாயி" என்றால் தம்பி, தம்பி மட்டும்தான். ஐம்பது வயதுக்காரரை முப்பது வயதுக்காரர் "பாயி" என்று அழைத்து வாழ்த்து அனுப்பினால் நம்ம ஊரில் பெரியவரைப் பார்த்து "டேய் தம்பி" என்பதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிடும். நேபாளிக்கும் தமிழுக்கும் இந்த இடத்தில் அச்சு ஒன்றுதான்: அண்ணனுக்கு தாயி, தம்பிக்கு பாயி, அக்காவுக்கு தீதி, தங்கைக்கு பஹினி. நாலுக்கு நாலு, நேருக்கு நேர். (தாயி, தீதி என்பவற்றின் முதல் எழுத்தை "பந்தம்" என்பதில் வரும் த போல மெல்லச் சொல்ல வேண்டும்.) தமிழில் அவரை என்ன என்று கூப்பிட்டிருப்பேன் என்று யோசித்தாலே போதும், நேபாளிச் சொல் தானாக வந்து நிற்கும். ஆங்கிலத்தையோ இந்தியையோ நடுவில் விட்டால்தான் தடுமாறும். அண்ணன் மனைவியை பாவுஜூ என்பார்கள், அதாவது அண்ணி. தெருமுனை மளிகைக்கடைக்காரருக்கு ஸாஹுஜி, அவர் மனைவி கடையில் இருந்தால் ஸாஹுனி. அம்மா அப்பா வயதுக்காரர்களை நகரத்தில் இப்போது ஆண்ட்டி, அங்கிள் என்பதும் சாதாரணம், தாராளமாகச் சொல்லலாம். ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: இந்தியாவில் நேபாளக் காவலாளிகள் எல்லாரையும் பெயர் கேட்காமல் "பஹாதுர்" என்று கூப்பிடும் வழக்கம். அது பலருக்குப் பெயரின் நடுவில் இருக்கும் ஒரு சொல், கூப்பிடும் சொல் இல்லை. அந்த வார்த்தையில் எவ்வளவு அவமானம் சேர்ந்திருக்கிறது என்று காட்மாண்டுவில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

கூப்பிடுவது சரியாக வந்துவிட்டால் அடுத்து நீ, நீங்கள். நமக்கு இரண்டு படி, அவர்களுக்கு மூன்று நான்கு. "த" என்பது மிக நெருக்கத்துக்கு அல்லது கோபத்துக்கு, "திமி" என்பது நண்பர்களுக்கும் சின்னவர்களுக்கும், "தபாயீ" என்பது நம்ம நீங்கள், "ஹஜுர்" என்பது அதைவிட ஒரு படி மேலே. பக்கத்து வீட்டுப் பெரியவர்களுக்கு தபாயீ போதும், வயதானவர் என்றால் ஹஜுர் சொல்லலாம், அதிகப்படியாகத் தெரியாது. ஆபத்து எங்கே என்றால், இணையத்தில் கிடைக்கும் வாழ்த்துகளில் நிறைய நண்பர்களுக்கும் காதலர்களுக்கும் எழுதியவை, அவற்றில் "திமிலாயி" என்று இருக்கும். அதை அப்படியே எடுத்து தீதிக்கு அனுப்பினால் "உனக்கு திஹார் வாழ்த்து" என்று ஆகிவிடும். அதோடு நேபாளி வினைச்சொல்லும் இந்தப் படிகளுக்கேற்ப மாறும், தபாயீ போட்டுவிட்டு வினையை திமிக்கு உரியதாக முடித்தால் "நீங்கள் வா" என்பது போல் கேட்கும். இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது: வாழ்த்தில் வினைச்சொல்லே வைக்காதீர்கள். "தபாயீலாயி திஹார்கோ சுபகாமனா" என்று முடித்தால் வினை இல்லை, தப்பு வர வழியும் இல்லை. சுகமும் செல்வமும் பெருகட்டும், ஒளி பரவட்டும் என்றெல்லாம் நீட்டினால்தான் ஒவ்வொரு வினையிலும் சறுக்க இடம் வரும். பக்கத்து வீட்டுக்கு இரண்டு வரி போதும். அவர்களும் அவ்வளவுதான் எழுதுவார்கள்.

சரி, வார்த்தை கிடைத்துவிட்டது, எப்போது அனுப்புவது? இந்த இடத்தில் மட்டும் தமிழ்ப் பழக்கம் நமக்கு எதிராக வேலை செய்யும். நம்ம தீபாவளி நரக சதுர்த்தசி விடியற்காலை, எண்ணெய் தேய்த்துக் குளித்து ஏழு மணிக்கெல்லாம் பாதி முடிந்துவிடும். திஹாரில் முக்கிய நாளான லட்சுமி பூஜை அமாவாசை சாயங்காலம். திதி எப்படி விழுகிறது என்பதைப் பொறுத்து இரண்டும் ஒரே தேதியில் வரலாம், அடுத்தடுத்த நாளிலும் வரலாம். 2024-இல் தமிழ்நாட்டில் தீபாவளி அக்டோபர் 31, நேபாளத்தில் லட்சுமி பூஜை நவம்பர் 1. 2025-இல் இரண்டுமே அக்டோபர் 20. அதனால் நம்ம காலண்டரைப் பார்த்து அனுப்பக் கூடாது, அங்கே பஞ்சாங்க நிர்ணாயக சமிதி என்ற அரசு அமைப்பு முடிவு செய்யும் தேதிதான் கணக்கு, எந்த நேபாளி நாட்காட்டியிலும் அது இருக்கும். முந்தின நாள் அனுப்பினால் என்ன ஆகிவிடும் என்றால், பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆனால் அது பெரும்பாலும் குகுர் திஹார், நாய்க்கு மாலை போட்டு டீகா இட்டு நல்ல சாப்பாடு போடும் நாளாக இருக்கும்.

நேரமும் முக்கியம். லட்சுமி பூஜை அன்று மத்தியானம் இரண்டு மூன்று மணி வாக்கில் அனுப்பினால் நல்லது. இருட்டும் நேரத்தில் அந்த வீட்டில் ஒருவர் கையும் சும்மா இருக்காது, வாசலிலிருந்து பூஜை அறை வரை லட்சுமி வரும் பாதம் போடுவார்கள் (நம்ம கிருஷ்ண ஜெயந்திப் பாதம் போலவேதான், கடவுள் மட்டும் வேறு), ஜன்னலுக்கு ஜன்னல் தியோ ஏற்றுவார்கள், தியோ என்றால் அகல் விளக்கு. அதற்குப் பிறகு பைலோ பாடும் பெண்கள் கூட்டம் வாசலுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் போன் யார் பார்ப்பார்கள்? அதேபோல் பாயி டீகா அன்று டீகா இடுவதற்கான நல்ல நேரத்தை ரேடியோவிலும் டிவியிலும் சொல்வார்கள், அதையொட்டி அழைப்புப் போட்டு வாழ்த்துவது வேண்டாம்.

பாயி டீகாவைப் பற்றி இன்னொன்று. "பாயி டீகாகோ சுபகாமனா" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அனுப்பும் முன் அவருக்கு அண்ணனோ தம்பியோ இருக்கிறாரா, உயிரோடு இருக்கிறாரா என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காட்மாண்டு நடுவில் ராணி போகரி என்ற குளம் இருக்கிறது, 17-ஆம் நூற்றாண்டில் பிரதாப மல்லன் மகனை இழந்த ராணிக்காக வெட்டியது. அதன் நடுவில் இருக்கும் கோயில் பாயி டீகா அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்படும், உடன்பிறந்தவர் இல்லாதவர்கள் அங்கே போய் டீகா வாங்கிக்கொள்வார்கள். வரிசையில் நிற்கிறவர்களை ஒரு தடவை பார்த்தால், இந்த ஒரு வாழ்த்தை யோசிக்காமல் அனுப்ப மனசு வராது. தெரியாவிட்டால் பொதுவாக திஹார் வாழ்த்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

துக்க வீடு. இதை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். நம்மிடமும் "இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லை" என்று சொல்வது உண்டே, அதே வழக்கம் அங்கே இன்னும் இறுக்கமாக இருக்கிறது. அப்பாவோ அம்மாவோ இறந்தால் மகன் ஒரு வருஷம் பர்கி காப்பார், தலை முதல் செருப்பு வரை வெள்ளை. நம்ம நவராத்திரி சமயத்தில் வரும் தசைனிலோ திஹாரிலோ டீகா கிடையாது, கொண்டாட்டம் கிடையாது. பங்காளி வீட்டில் சாவு விழுந்து 13 நாள் தீட்டுக்குள் திஹார் வந்தால், வெளியில் எந்த அடையாளமும் தெரியாவிட்டாலும் அவர்களுக்கும் பண்டிகை நின்றுவிடும். அந்த வீட்டுக்குப் போய் "சுப திஹார்" என்று மின்னும் படம் விழுந்தால் எப்படி இருக்கும்? எப்படித் தெரிந்துகொள்வது என்றால், வெள்ளை உடையைப் பாருங்கள், கதவில் ஸயபத்ரி மாலை, அதாவது நம்ம துலுக்கச் சாமந்தி, தொங்காமல் இருக்கிறதா பாருங்கள், சந்தேகம் இருந்தால் ஸாஹுனியிடம் கேளுங்கள், அவருக்குத் தெருவில் எல்லாம் தெரியும். அப்படிப்பட்ட வீட்டுக்கு "சுப" என்ற சொல்லே வேண்டாம். "தீதி, ஸஞ்சை ஹுனுஹுன்ச?" என்று கேட்டால் போதும், அக்கா, நல்லா இருக்கீங்களா என்று அர்த்தம். அன்றைக்கு அந்த வீட்டுக்குப் பொருத்தமான செய்தி அதுதான்.

பட்டாசுப் படத்தைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேன் இல்லையா. நேபாளத்தில் பட்டாசு விற்பதும் வெடிப்பதும் சட்டப்படி தடை, திஹார் சமயத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டே இருக்கும். திருட்டுத்தனமாக வெடிக்கிறவர்கள் இருந்தாலும் பண்டிகையின் அடையாளம் அது இல்லை. படம் வைக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு தியோ, ஒரு ஸயபத்ரி மாலை.

இப்போது என் பக்கத்து வீட்டுக்கே வருகிறேன். அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர், ஆனால் தெருவில் எல்லாரும் தீதி என்றே கூப்பிடுவதால் எனக்கும் தீதி. இரண்டாவது வருஷம் நான் அனுப்பியது இது:

```
नमस्ते दिदी ।
तपाईं र तपाईंको परिवारलाई तिहारको हार्दिक शुभकामना ।
```

படித்தால் "நமஸ்தே தீதி. தபாயீ ர தபாயீகோ பரிவார்லாயி திஹார்கோ ஹார்திக் சுபகாமனா." உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் மனமார்ந்த திஹார் வாழ்த்து, அவ்வளவுதான். அண்ணன் முறை என்றால் முதல் வரியில் தாயி என்று மாற்றிக்கொள்ளலாம், மற்றது அப்படியே. அவர்கள் முந்திக்கொண்டு அனுப்பிவிட்டால் "தபாயீலாயி பனி" என்று பதில் போடுங்கள், "பனி" நம்முடைய "உம்", உங்களுக்கும் என்று பொருள். தேவநாகரி வராவிட்டால் ஆங்கில எழுத்தில் அடித்தும் அனுப்பலாம், இளைஞர்கள் எல்லாரும் அப்படித்தான் அனுப்புகிறார்கள், ஆனால் வயதானவர்களுக்கு தேவநாகரி படிக்க எளிது.

என் தீதி வீடு நேவார் குடும்பம், அதனால் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. லட்சுமி பூஜையை அடுத்து வரும் பிரதமை அன்று நேவார்களுக்குப் புத்தாண்டு, நேபாள சம்வத். கி.பி. 879-இல் தொடங்கிய ஆண்டுக்கணக்கு, 2025 அக்டோபர் 22-இல் 1146 பிறந்தது. அன்று சாயங்காலம் ம்ஹ பூஜை, வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தரையில் ஒரு மண்டலம் போட்டு அவரவர் உடம்புக்கே பூஜை செய்வார்கள். இதைக் கேள்விப்பட்டவர்கள் ஆர்வத்தில் "நேபாளிப் புத்தாண்டு வாழ்த்து" என்று எழுதிவிடுகிறார்கள், அது சரியில்லை. நாட்டில் பொதுவாகப் புழங்கும் விக்ரம் சம்வத்தின் புத்தாண்டு பைசாக் 1, நம்ம சித்திரை 1-ஐ ஒட்டி ஏப்ரல் நடுவில் வருவது. நேவார்களுடைய மொழியும் நேபாளி இல்லை, நேபாள் பாஷா என்ற தனி மொழி, திபெத்திய-பர்மியக் குடும்பம். அதில் புத்தாண்டு வாழ்த்து இப்படி:

```
न्हूदँया भिन्तुना
```

"ன்ஹூ தயா பிந்துனா" என்று கிட்டத்தட்ட சொல்லலாம். இதை லட்சுமி பூஜை வாழ்த்தோடு சேர்த்து அனுப்ப வேண்டாம், பிரதமை அன்று தனியாக அனுப்புங்கள், நேவார் வீடு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். ராய், லிம்பு, தமாங் குடும்பங்களிலும் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் திஹாரே கொண்டாடாதவர்கள் இருக்கிறார்கள், டார்ஜிலிங், சிக்கிமிலிருந்து வந்த நேபாளி பேசுகிறவர்கள் இந்தியர்கள், அவர்களிடம் "உங்கள் நாட்டுப் பண்டிகை" என்று எழுதிவிடக் கூடாது.

இரண்டாவது வருஷம் மூன்று நாளில் இரண்டு வாழ்த்து போனது, முதலில் மேலே இருக்கும் இரண்டு வரி, பிரதமை அன்று அந்த ஒரு வரி. அன்று ராத்திரி தீதியின் மகன் கதவைத் தட்டி ஒரு தட்டில் ஸேல் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தான், அரிசி மாவில் வளையமாகச் சுட்டது, இன்னும் சூடாக இருந்தது.